மண்டப வாடகை: உள்ளே என்ன, வெளியே என்ன?

கல்யாணத்துக்கு மண்டபம் தேடுகிறவர்கள் முதலில் தேதி காலியாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அடுத்து வாடகை எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஐந்தாறு மண்டபங்களுக்குப் போன் போட்டு, ஒரு தாளில் மண்டபத்தின் பெயரையும் எதிரே தொகையையும் எழுதி, குறைந்த தொகையை வட்டமிட்டு, அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். கல்யாணம் முடிந்த மதியம் கணக்குத் தீர்க்க உட்காரும்போது வேறொரு தாள் வருகிறது. அதில் மின்சாரம், ஜெனரேட்டர், சுத்தம், வெளி அலங்காரக்காரருக்கான கட்டணம், கூடுதல் நேரம், ஜிஎஸ்டி என்று வரிசையாக இருக்கும். ஒன்றரை லட்சம் என்று வட்டமிட்ட மண்டபம் இரண்டரை லட்சத்தில் வந்து நிற்கும்.

இதில் பெரும்பாலும் ஏமாற்று எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் மண்டபங்கள் இரண்டு விதமாக விலை சொல்கின்றன. பழைய மண்டபங்கள் பலவும் கட்டடத்துக்கு மட்டும் வாடகை சொல்லி, மற்றதையெல்லாம் பயன்படுத்திய அளவுக்குத் தனியாக வாங்கும். புதிய ஏசி மண்டபங்களில் பல, ஒரு பெரிய தொகை சொல்லி, ‘எல்லாம் வாடகையிலேயே வந்துவிடும்’ என்பார்கள். அந்த ‘எல்லாம்’ எதுவரை என்பது மண்டபத்துக்கு மண்டபம் மாறும். ஆகவே இரண்டு வாடகைகளை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மலிவு என்று தெரியாது. உங்கள் வீட்டுக் கல்யாணம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறதோ, அதே கல்யாணத்தை இரண்டு மண்டபத்திலும் நடத்தினால் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று பார்க்க வேண்டும். அதற்கு நான்கு விஷயங்களை விவரமாகக் கேட்டால் போதும்: நேரம், மின்சாரம், அலங்காரம், சுத்தம். இவற்றில் நேரத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். மற்ற மூன்றும் அதைப் பொறுத்தே மாறுகின்றன.

மூன்று மணி முதல் மூன்று மணி வரை

பல மண்டபங்களில் ஒரு நாள் வாடகை என்றால் முதல் நாள் பிற்பகல் மூன்று மணியிலிருந்து மறுநாள் பிற்பகல் மூன்று மணி வரை. சில இடங்களில் இது இரண்டு மணியாகவோ நான்கு மணியாகவோ இருக்கும். மாலையில் வரவேற்பு, காலையில் முகூர்த்தம், மதியம் சாப்பாடு என்று நடக்கும் கல்யாணத்துக்கு இருபத்து நான்கு மணி நேரம் தாராளமாகத்தான் தோன்றும். ஆனால் விருந்தினர் வருவதற்கு வெகுநேரம் முன்பே மண்டபத்துக்குள் நுழைய வேண்டியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் சமையல் மாஸ்டர், இன்னொருவர் அலங்காரக்காரர்.

இரவு ஏழரை மணிக்கு ஐந்நூறு பேருக்கு முதல் பந்தி போட வேண்டுமானால், பிற்பகல் இரண்டு மணிக்காவது அடுப்புப் பற்ற வேண்டும். அதற்கு முன் காய்கறி நறுக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், மளிகையை இறக்கிச் சரிபார்க்க வேண்டும். அதனால் சமையல் ஆட்கள் காலை பதினொரு மணிக்காவது உள்ளே வரப் பார்ப்பார்கள். முதல் நாளும் முகூர்த்த நாளாக இருந்தால், அந்த நேரத்தில் சமையற்கட்டில் வேறொரு வீட்டுக் கல்யாணச் சாப்பாடு பரிமாறப்பட்டுக்கொண்டிருக்கும். சில மாஸ்டர்கள் பாதிச் சமையலைத் தங்கள் இடத்திலேயே முடித்து வண்டியில் கொண்டுவருவார்கள். அந்த வண்டி வாடகையும் கூடுதல் ஆள் கூலியும் கடைசியில் கல்யாண வீட்டுக் கணக்கில்தான் சேரும். ஆகவே, ‘முதல் நாள் காலையில் வேறு கல்யாணம் இருக்கிறதா? சமையற்கட்டை மட்டும் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?’ என்று கேட்பது அவசியம். முதல் நாள் மண்டபம் காலியாக இருந்தால் பல மேலாளர்கள் சமையற்கட்டைக் காலையிலேயே திறந்து தருவார்கள். அந்த வார்த்தையை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் உங்களுக்குப் பிறகும் அந்த முதல் நாளை வேறொருவர் பதிவு செய்யலாம்.

முடியும் நேரத்துக்கும் முகூர்த்தத்துக்கும் உள்ள தொடர்பு இன்னும் முக்கியமானது. காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் தாலி கட்டும் கல்யாணத்தில் எட்டு மணிக்கு டிபன் பந்தி தொடங்கி, பதினொன்றரைக்குச் சாப்பாடு போட்டு, ஒன்றரைக்குள் கடைசிப் பந்தி எழுந்துவிடும். சீர்வரிசைப் பாத்திரங்களையும் மிச்ச மளிகையையும் கட்டி ஏற்ற ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அதே மண்டபத்தில் ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம் என்றால், தாலி கட்டி, ஆசீர்வாதம் முடிந்து, கடைசிப் பந்தி இரண்டரையைத் தொட்டுவிடும். மூன்று மணிக்கு அடுத்த கல்யாண வீட்டார் பெட்டி படுக்கையோடு வாசலில் வந்து நிற்பார்கள். பிறகு மணிக்கு இத்தனை என்று கூடுதல் நேரக் கட்டணம் ஓடத் தொடங்கும். அடுத்த வீட்டார் காத்திருந்தால் கூடுதல் நேரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. முகூர்த்தம் குறிக்காமல் மண்டபத்தின் நேரத்தை ஒப்பிட முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

கரன்ட்டுக்கு யார் கணக்கு?

மண்டபங்கள் மின்சாரத்துக்கு மூன்று விதமாகக் காசு வாங்குகின்றன. முதலாவது, முழுவதும் வாடகைக்குள். இரண்டாவது, இத்தனை மணி நேர ஏசி வாடகைக்குள், அதற்கு மேல் மணிக்கு இத்தனை. மூன்றாவது, சாவி கொடுக்கும்போது மீட்டர் ரீடிங் எடுத்து, திரும்ப வாங்கும்போது இன்னொரு ரீடிங் எடுத்து, வித்தியாசத்தை யூனிட் விலையால் பெருக்குவது. மண்டபங்கள் மின்வாரியத்துக்கு வணிகக் கட்டணத்தில் பணம் கட்டுகின்றன. அதோடு நிலைக் கட்டணமும் பராமரிப்பும் சேர்த்து உங்களிடம் வாங்கும் யூனிட் விலை கூடுதலாகவே இருக்கும். எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

எத்தனை யூனிட் ஓடும் என்பதையும் ஓரளவு கணக்கிட முடியும். ஒரு டன் ஏசி, கம்ப்ரசர் முழுதாக ஓடும்போது மணிக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் இழுக்கும். நாற்பது டன் ஏசி உள்ள நடுத்தர ஹாலில் ஏசிக்கு மட்டும் நாற்பத்தைந்து யூனிட் ஆகும். விளக்கு, விசிறி, மேடை வெளிச்சம், தண்ணீர் மோட்டார், சமையற்கட்டு கிரைண்டர் எல்லாம் சேர்ந்தால் மணிக்கு அறுபது யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஏசி எத்தனை டன் என்று மேலாளரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். அதிலிருந்து கிடைக்கும் மணிக்கான யூனிட்டை நீங்கள் ஹாலை ஓட்டப்போகும் மணி நேரத்தாலும் யூனிட் விலையாலும் பெருக்கினால் மின்சாரச் செலவு கைக்கு வந்துவிடும்.

அடுத்தது ஜெனரேட்டர். ‘பவர் பேக்கப் இருக்கிறது’ என்ற பதிலோடு நிறுத்திவிடக் கூடாது. அது எதை எதைத் தாங்கும் என்பதுதான் கேள்வி. சில மண்டபங்களில் ஜெனரேட்டர் விளக்கு, விசிறி, மைக், மோட்டார் வரைக்கும்தான். கரன்ட் போனால் ஏசி நின்றுவிடும். அறுநூறு பேர் உட்கார்ந்திருக்கும் மூடிய ஏசி ஹாலில் ஜன்னல்கூட இருக்காது என்பதால் பத்து நிமிடத்தில் புழுங்கத் தொடங்கிவிடும். சாப்பாட்டுக் கூடம் மாடியில் இருந்தால் லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா என்பதையும் கேட்க வேண்டும். வயதானவர்கள் பந்திக்கு ஏறுவது அதை நம்பித்தான். மண்டபம் பார்க்கப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்து ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டச் சொல்லலாம். எது எரிகிறது, எது நின்றுபோகிறது, தானாக மாறுகிறதா அல்லது ஓர் ஆள் போய் மாற்ற வேண்டுமா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆள்தான் மாற்ற வேண்டுமென்றால், விடியற்காலை நான்கு மணிக்கு அந்த ஆள் மண்டபத்தில் படுத்திருப்பாரா என்பது அடுத்த கேள்வி.

ஜெனரேட்டருக்கு மணிக் கணக்கில் வாங்குகிறார்கள், அல்லது செலவான டீசலுக்கு வாங்குகிறார்கள். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ மூன்றிலிருந்து மூன்றரை யூனிட் கிடைக்கும். மணிக்கு அறுபது யூனிட் இழுக்கும் ஹாலுக்கு மணிக்குப் பதினேழிலிருந்து இருபது லிட்டர் தேவை. லிட்டர் 92 ரூபாய் என்றால் டீசல் மட்டும் மணிக்கு 1,560 ரூபாய்க்கு மேல் ஆகும். மணிக்கு 2,500, 3,000 என்று கேட்கும் கட்டணம் எங்கிருந்து வருகிறது என்று இதில் புரியும். ஏசி இல்லாமல் விளக்கும் விசிறியும் மட்டும் ஓடும் ஜெனரேட்டருக்கு இதே தொகை கேட்டால் பேரம் பேச இடமிருக்கிறது. ஜெனரேட்டரிலேயே மொத்தம் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் சிறிய மீட்டர் இருக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் அதைப் படம் எடுத்து வைத்தால், எத்தனை மணி நேரம் ஓடியது என்ற வாக்குவாதமே வராது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரீடிங் எடுக்கும் மீட்டர் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது? மின்வாரியத்தின் இணைப்பும் ஜெனரேட்டரும் சேர்ந்து ஹாலுக்குப் போகும் இடத்துக்குப் பிறகு அது இருந்தால், ஜெனரேட்டரில் ஓடிய யூனிட்டையும் சேர்த்தே காட்டும். டீசலுக்கும் காசு கொடுத்து, அதே மின்சாரத்துக்கு யூனிட் கணக்கிலும் காசு கொடுத்ததாகிவிடும். ‘ஜெனரேட்டர் ஓடும்போது இந்த மீட்டர் சுற்றுமா?’ என்று கேட்டால் போதும். சுற்றும் என்றால் அந்த யூனிட்டைக் கழித்துக்கொள்ள முன்பே பேசி வைக்க வேண்டும்.

கரன்ட் போகாத ஊர் என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. துணைமின் நிலையங்களின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணி முதல் மதியம் இரண்டு மணி வரையோ, மாலை வரையோ மின்தடை அறிவிக்கப்படுகிறது. அந்தத் தேதி கல்யாண நாளில் விழுந்தால், ஆசீர்வாதமும் மதியச் சாப்பாடும் முழுக்க ஜெனரேட்டரில்தான் நடக்கும்.

மேடையும் மணவறையும்

அலங்காரம் வாடகைக்குள் என்று சொல்லும் மண்டபங்களில் பெரும்பாலும் கிடைப்பது நிரந்தரமாக நிற்கும் ஓர் அமைப்பு: ஃபைபர் தூண்கள், துணி மடிப்பு, பிளாஸ்டிக் பூச்சரம், இரண்டு சிம்மாசன நாற்காலிகள். பலருக்கு இதுவே போதும். ஆனால் மாலையில் வரவேற்புக்கு நிற்கும் மேடையே காலையில் மணவறையாக மாற வேண்டும். அக்கினி வளர்க்க இடம், மணமக்கள் தரையில் உட்காரப் பலகை, மேலே பந்தல் எல்லாம் வேண்டும். வாடகைக்குள் இருப்பது இரண்டு அலங்காரமா, ஒன்றுதானா என்று பிரித்துக் கேட்க வேண்டும். வாசலில் வாழை மரம், தோரணம், பெயர்ப் பலகை, நுழைவாயில் வளைவு ஆகியவை யார் பொறுப்பு என்பதும் இதில் அடங்கும். மண்டபத்தார் காட்டும் ஆல்பத்தில் இருப்பவை பெரும்பாலும் கூடுதல் காசு கொடுத்துச் செய்தவை. வாடகைக்குள் வரும் அலங்காரத்தின் படம் எது என்று கேட்டு, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வைத்துக்கொள்வது நல்லது.

உங்களுக்குத் தெரிந்த அலங்காரக்காரரை அழைத்து வர நினைத்தால் மூன்று நிலைமைகள் உண்டு. சில மண்டபங்கள் தடையின்றி அனுமதிக்கும். சில மண்டபங்கள் அனுமதித்துவிட்டு, வெளி ஆள் வருவதற்காக ஒரு தொகை வாங்கும். சில மண்டபங்கள் தங்கள் ஆள்தான் செய்ய வேண்டும் என்றுவிடும். மூன்றாவது வகையில் வாடகை குறைவாக இருந்தாலும், அலங்கார விலையை ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு வேறு கடை இல்லாமல் போகிறது. அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அலங்கார விலையையும் பேசி முடிக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு பேரத்துக்குப் பிடி இருக்காது.

பூ விலையும் இதில் வருகிறது. மதுரை மாட்டுத்தாவணியிலும் நிலக்கோட்டையிலும் தோவாளையிலும் முகூர்த்த நாள் நெருங்கும்போது பூ விலை ஏறும். மார்கழி, தை மாதங்களில் பனியால் மல்லிகை வரத்து குறைந்து கிலோ ஆயிரங்களைத் தாண்டும். தை முகூர்த்தத்துக்கு ஐப்பசியில் பேசிய பூ மணவறை, அன்றைய விலைக்கா, பேசிய விலைக்கா? இதைச் சொல்லி வைக்காவிட்டால், பேசிய தொகைக்குள்ளேயே முடிப்பதற்காக மல்லிகை இருக்க வேண்டிய இடத்தில் செவ்வந்தியோ பிளாஸ்டிக்கோ வந்து நிற்கும்.

அலங்காரத்திலும் நேரம் உள்ளே நுழைகிறது. பெரிய பூ மேடைக்கு ஐந்து, ஆறு மணி நேரம் தேவைப்படும். மூன்று மணிக்குக் கதவு திறந்து ஆறரைக்கு வரவேற்பு என்றால், அலங்காரக்காரர் பட்டறையிலேயே செய்து கொண்டுவந்து நிறுத்தும் சட்டங்களைத்தான் வைக்க முடியும். வரவேற்பு முடிந்த இரவு பத்தரையிலிருந்து விடியற்காலை நான்கரை வரை மேடையைப் பிரித்து மணவறை கட்டுவார்கள். அந்த ஆறு மணி நேரமும் ஹால் விளக்கு எரியும், கேட் திறந்திருக்க வேண்டும், காவலாளி விழித்திருக்க வேண்டும். இதற்குச் சில இடங்களில் தனிக் கட்டணம் உண்டு. சுவரில் ஆணி அடித்தால், பெயின்ட் உரிந்தால் டெபாசிட்டிலிருந்து பிடிப்பார்கள். ஆணி அடிக்காமல் கம்பி நிறுத்திக் கட்டச் சொல்லி அலங்காரக்காரரிடம் முன்பே தெரிவித்துவிட வேண்டும்.

எச்சில் இலையை யார் எடுப்பது?

சுத்தத்தில் சண்டை வருவதற்குக் காரணம், வேலை மூன்று பேருக்கு நடுவில் கிடப்பதுதான். பந்தியில் இலை எடுப்பதும் மேசை துடைப்பதும் சமையல் கான்ட்ராக்டரின் ஆட்கள் வேலை. ஹால் கூட்டுவதும் கழிப்பறை கழுவுவதும் மண்டபத்தின் வேலை. பூச்சரம், கம்பி, தெர்மாகோல் எல்லாம் எடுத்துப் போவது அலங்காரக்காரர் வேலை. இலைத் தொட்டி நிரம்பினால் அதை வெளியேற்றுவது யார்? சமையல் ஆட்கள் மண்டபத்தைக் காட்டுவார்கள், மண்டபம் சமையல் ஆட்களைக் காட்டும். மதியம் மூன்று மணிக்கு மிச்சமிருக்கும் கழிவு, கல்யாண வீட்டாரின் டெபாசிட்டில் போய் முடியும்.

ஆகவே ‘சுத்தம் வாடகைக்குள்’ என்றால் எந்தெந்த நேரத்துச் சுத்தம் என்று கேட்க வேண்டும். ஒப்படைக்கும்போது சுத்தமாகத் தருவது எல்லா மண்டபத்திலும் உண்டு. கல்யாணம் நடக்கும்போது கழிப்பறையை இரண்டு மணிக்கு ஒரு முறை கழுவ ஆள் இருப்பாரா என்பதில்தான் வித்தியாசம். அறுநூறு பேர் வந்துபோகும் மாலையில் ஒரே ஒரு துப்புரவுப் பணியாளர் இருந்தால் எட்டு மணிக்குள் நிலைமை கைமீறிவிடும். இரவு வரவேற்பு முடிந்ததும் ஹால் கூட்டப்படுமா என்பது இரண்டாவது கேள்வி. காகிதத் துகளும் பூவும் சிதறிக் கிடக்கும் தரையில்தான் நான்கு மணிக்கு விளக்கேற்ற வேண்டியிருக்கும். மூன்றாவது, குப்பை. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துத் தராவிட்டால் உள்ளாட்சி அபராதம் விதிக்கலாம். அந்த அபராதம் வந்தால் யார் கட்டுவது என்று கேட்டுவைப்பது நல்லது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தண்ணீர் பாக்கெட் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இவற்றைச் சமையல் கான்ட்ராக்டர் கொண்டுவந்தாலும் மண்டபத்தில் நிற்பது உங்கள் கல்யாணம்தான்.

தண்ணீரையும் இத்துடனே கேட்டுவிடலாம். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் போர் வற்றினால் டேங்கர் லாரி வரும். லாரிக் காசு மண்டபத்துடையதா, உங்களுடையதா என்பது வாடகைக்கு ஏற்பவெல்லாம் மாறாது. பேசுவதற்கு ஏற்பத்தான் மாறும்.

ஒரே கல்யாணம், இரண்டு மண்டபம்

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் எல்லாம் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். கல்யாணம் இப்படி: அறுநூறு பேர், மாலை வரவேற்பு, மறுநாள் ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம், மதியச் சாப்பாடு. ஏசி மாலையில் ஐந்தரை மணி நேரம், காலையில் ஒன்பது மணி நேரம், ஆக மொத்தம் பதினான்கரை மணி நேரம். சமையல் ஆட்கள் முதல் நாள் பதினொரு மணிக்கு வர வேண்டும்.

முதல் மண்டபம் 1,50,000 ரூபாய் கேட்கிறது. நேரம் மூன்றிலிருந்து மூன்று. சமையற்கட்டை நான்கு மணி நேரம் முன்பே திறக்க 12,000. மின்சாரம் யூனிட் 20 ரூபாய். மணிக்கு அறுபது யூனிட் வீதம் ஹாலுக்கு 870, இரவு விளக்கும் அறைகளும் சேர்த்து ஆயிரம் யூனிட் என்று வைத்தால் 20,000. ஜெனரேட்டர் மணிக்கு 3,000; இரண்டு மணி நேரத்துக்கு 6,000. சுத்தம் 12,000. வெளி அலங்காரக்காரரை அனுமதிக்க 10,000. மண்டபத்துக்குச் சேர வேண்டியது 2,10,000. மண்டப வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். முழுத் தொகைக்கும் போட்டால் 37,800 சேர்ந்து 2,47,800. அலங்காரக்காரர் ஜிஎஸ்டி வரம்புக்குள் வராத சிறு தொழில் செய்பவர், அவருக்கு 60,000. மொத்தம் 3,07,800.

இரண்டாவது மண்டபம் 2,40,000 கேட்கிறது. காலை பதினொன்றிலிருந்து மறுநாள் நான்கு மணி வரை. பன்னிரண்டு மணி நேர ஏசி, மின்சாரம், எத்தனை மணி நேரம் ஓடினாலும் ஜெனரேட்டர், சுத்தம், வரவேற்பு மேடை எல்லாம் வாடகைக்குள். மிச்ச ஏசி நேரத்தை மூன்று மணியாகக் கணக்கிட்டு 6,000 வாங்குகிறது. முகூர்த்தத்துக்குப் பூ மணவறை வேண்டுமென்றால் மண்டபத்து அலங்காரக்காரர் 35,000 கேட்கிறார். மொத்தம் 2,81,000, ஜிஎஸ்டி 50,580 சேர்த்தால் 3,31,580.

வாடகையை மட்டும் பார்த்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் 90,000. ஒரே கல்யாணத்தை இரண்டிலும் நடத்திப் பார்த்தால் அது 23,780 ஆகச் சுருங்கிவிட்டது. கல்யாண நாளில் ஒன்பதிலிருந்து இரண்டு வரை பராமரிப்பு மின்தடை வந்தால் முதல் மண்டபத்தில் ஐந்து மணி நேர ஜெனரேட்டர் கூடும். மீட்டர் அப்போதும் சுற்றுகிற மண்டபமாக இருந்தால் யூனிட் எதுவும் கழியாது. 15,000 ரூபாயும் வரியும் சேர்ந்து மொத்தம் 3,25,500 ஆகும். வித்தியாசம் 6,080 மட்டுமே.

பூ மணவறை வேண்டாம், இருக்கிற மேடையே போதும் என்ற குடும்பத்துக்கு இரண்டாவது மண்டபம் 2,90,280-இல் முடிந்துவிடும். அதே குடும்பம் முதல் மண்டபத்தில் 40,000 ரூபாய்க்கு எளிமையான அலங்காரம் செய்தால் 2,87,800. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறாக, பெரிய அலங்காரம் நினைப்பவர்களுக்கு வெளி ஆளை அனுமதிக்கும் முதல் மண்டபம்தான் ஆதாயம், ஏனென்றால் அலங்காரத் தொகை மண்டபத்தின் பில்லில் ஏறினால் அதற்கும் 18 சதவீதம் சேர்கிறது. எல்லாம் உள்ளே என்ற மண்டபத்தில் வரியும் எல்லாவற்றின் மேலும் விழுகிறது.

வரியில் ஒரு விலக்கும் உண்டு. பொதுமக்கள் வழிபடும் தலங்களின் வளாகத்தில் உள்ள கல்யாண மண்டபத்துக்கு, உரிய அறக்கட்டளை அதை நடத்தி, ஒரு நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது. அறைகளுக்கு அந்த வரம்பு நாளொன்றுக்கு 1,000 ரூபாய். சின்னக் கல்யாணத்துக்குக் கோயில் மண்டபம் பார்ப்பவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம். ஜிஎஸ்டி வாங்கும் மண்டபத்தின் ரசீதில் அதன் ஜிஎஸ்டி எண் அச்சாகியிருக்க வேண்டும். எண் இல்லாமல் வரி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

எழுத்தில் இருக்க வேண்டியவை

அட்வான்ஸ் ரசீதில் பொதுவாகப் பெயர், தேதி, தொகை மூன்றுதான் இருக்கும். அதன் பின்புறத்திலோ தனித் தாளிலோ சில வரிகள் எழுதி, மேலாளரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கலாம்: திறக்கும் நேரம், முடிக்கும் நேரம், சமையற்கட்டு நேரம், கூடுதல் மணிக்குக் கட்டணம், யூனிட் விலை, வாடகைக்குள் வரும் ஏசி மணி, ஜெனரேட்டர் கட்டணம், அது ஏசியைத் தாங்குமா, அலங்காரத்தில் உள்ளே வருவது, வெளி ஆளுக்குத் தொகை, சுத்தத்துக்கு எத்தனை ஆள், எந்த நேரம், இலைக் கழிவு யார் பொறுப்பு, டெபாசிட் எவ்வளவு, எப்போது திரும்பும். கையால் எழுதித் தர மறுத்தால், இதே வரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘சரி’ என்று ஒரு பதில் வாங்கினாலும் பிற்பாடு உதவும். ஒப்புக்கொண்டதை மீறிக் கட்டணம் வாங்கினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.

கணக்குத் தீர்க்கும் நேரத்தில் பெண்ணின் பெற்றோரும் மாப்பிள்ளை வீட்டாரும் வழியனுப்புவதில் இருப்பார்கள். அதனால் சாவி வாங்கும்போதும் திரும்பக் கொடுக்கும்போதும் மேலாளரோடு நிற்க, சடங்கில் வேலையில்லாத ஒரு சித்தப்பாவையோ மாமாவையோ முன்கூட்டியே பொறுப்பாக்குவது பல குடும்பங்களில் வழக்கம். சாவி வாங்கும்போதே அவர் மின் மீட்டரையும் ஜெனரேட்டரின் மணி மீட்டரையும் படமெடுக்க வேண்டும். கழிப்பறைக் குழாய், உடைந்த நாற்காலி, சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஆணித் துளை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துப் படமெடுக்க வேண்டும். பாய், தலையணை, ஜமக்காளம், பாத்திரம் ஆகியவற்றை எண்ணி வாங்கிப் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் அதே வரிசையில் திரும்பப் பார்த்து, ரீடிங்கை ஒப்பிட்டு, பில்லில் ஒவ்வொரு வரியையும் அட்வான்ஸின்போது எழுதி வாங்கிய தாளோடு சரிபார்த்த பிறகே மீதித் தொகையைக் கொடுக்க வேண்டும். டெபாசிட்டை அன்றே திருப்பித் தராத மண்டபமாக இருந்தால், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று அந்தப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.